வீட்டுக் கடனில் டாப்-அப் கேட்கிறோம்: மூன்று தடவை பவுன்ஸ் ஆனதைக் கடிதத்தில் எழுதலாமா?

முத்துச்சிப்பி (தங்கச்சிமடம்)

எல்லோருக்கும் வணக்கம். விஷயத்தை அப்படியே சொல்லிவிடுகிறேன், தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

2019 டிசம்பரில் பழைய வீடு ஒன்றை வாங்கினோம். 12 லட்சம் கடன், 20 வருஷம், ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டியோடு இணைந்த மாறும் வட்டி, மாதம் 10,037 ரூபாய். வீட்டைக் கட்டி அப்போதே 15 வருஷம் ஆகியிருந்தது. இரண்டு வருஷமாக அடுப்படி மேல்தளத்தில் சிமெண்ட் பெயர்ந்து விழுகிறது. 2024 நவம்பரில் ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அந்த மழைக்குப் பிறகு நடுவீட்டிலும் ஆரம்பித்துவிட்டது. போன வாரம் என் மகள் படித்துக்கொண்டிருந்த பாயின் மேலேயே ஒரு கைப்பிடிக் கட்டி விழுந்தது. அண்ணாந்து பார்த்தால் கம்பி செக்கச்செவேல் என்று துருவேறி, தகடு தகடாக உரிகிறது. இனித் தள்ளிப்போட முடியாது.

மேஸ்திரி 4,10,000 ஆகும் என்கிறார். சீட்டுப் பணம் 60,000 கையில் இருக்கிறது, மீதி 3,50,000-ஐ அதே வீட்டுக் கடன் மேல் கூடுதல் கடனாக, அதாவது டாப்-அப் ஆகக் கேட்கலாம் என்று கிளைக்குப் போனேன். இதுவரை கட்டிய விவரத்தைச் சுருக்கமாக எழுதி விண்ணப்பத்தோடு கொடுங்கள் என்றார்கள். அங்கேதான் கை நிற்கிறது.

நான் தனியார் பள்ளி அலுவலகத்தில் வேலை, கைக்கு 19,000 வருகிறது. வீட்டுக்காரர் பாம்பனில் படகு எஞ்சின் மெக்கானிக். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் படகெல்லாம் கரையில் நிற்கும், அவருக்கு வேலை நெரிசலும் அப்போதுதான். ஆனால் படகுக்காரர்கள் கடலுக்குப் போய் மீன் விற்ற பிறகுதான் கூலி தருவார்கள். வேலை மே மாதம், காசு ஜூன் கடைசி. இதனால் கணக்கில் பணம் இல்லாமல் மூன்று தடவை தவணை பவுன்ஸ் ஆகியிருக்கிறது. கொரோனா நேரத்தில் ஆறு மாதம் கட்டவும் இல்லை. இதையெல்லாம் எழுதினால் கொடுப்பார்களா? எழுதாமல் விட்டால் தப்பா?

வாடைக்காற்று (தொண்டி)

அக்கா, பயப்படவே வேண்டாம். சிபில் 750-க்கு மேல் இருந்தால் போதும், மற்றதை யாரும் பார்ப்பதில்லை. பவுன்ஸை நீங்களே எழுதிக் கொடுத்தால் நாமே ஆப்பை எடுத்துக் கையில் கொடுத்த மாதிரி. ‘ஒழுங்காகக் கட்டி வருகிறேன்’ என்று ஒரு வரி போதும். அப்புறம் டாப்-அப் பணத்துக்குக் கணக்கு கேட்க மாட்டார்கள், எதற்கும் செலவு செய்யலாம். என் மச்சான் அதில்தான் வண்டி வாங்கினார்.

கீழைக்கரையான் (கீழக்கரை, இப்போது ஷார்ஜா)

வேறு வங்கிக்கு மாற்றுவது பற்றித்தானே கேட்கிறீர்கள்? நான் போன வருஷம் மாற்றப் பார்த்தேன், அங்கேயே கூடுதலாக 5 லட்சம் தருகிறோம் என்றார்கள். மதிப்பீட்டாளர் வந்து பார்த்துவிட்டு, மாடியில் இருக்கிற இரண்டு அறை அனுமதி வரைபடத்திலேயே இல்லை என்று எழுதிவிட்டார். அதோடு முடிந்தது. வாப்பா காலத்தில் போட்ட அறை, நாங்கள் யாரும் அதை நினைத்தே பார்க்கவில்லை. உங்கள் வீட்டில் வரைபடத்துக்கு மேல் ஏதாவது கட்டியிருந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

முத்துச்சிப்பி

இல்லை அண்ணே, வங்கி மாற்றவில்லை, அதே வங்கியில்தான் கேட்கிறேன். ஆனாலும் சொன்னது நல்லதாகப் போயிற்று. பின்பக்கம் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட கொட்டகை மட்டும் இருக்கிறது, மற்றபடி வாங்கியபோது இருந்ததுதான்.

பழைய கிளையாள் (பரமக்குடி)

அம்மா, நான் 31 வருஷம் வங்கியில் இருந்தவன், கடைசி 9 வருஷம் கிளை மேலாளர். உங்கள் மாதிரி மனுக்களை நிறையப் படித்திருக்கிறேன். தொண்டித் தம்பி சொல்வதில் பாதிதான் சரி. சிபில் பார்ப்பார்கள். ஆனால் நீங்கள் கேட்பது கடன் கொடுத்த அதே வங்கியிடம். உங்கள் கடன் கணக்கு அந்த அதிகாரியின் திரையில் முதல் வரியிலிருந்து இருக்கிறது. பவுன்ஸ் ஆன மூன்று நாளும் அபராதக் கட்டணம் தனி வரியாக விழுந்திருக்கும். உங்கள் கடிதத்தைப் பிரிப்பதற்கு முன்பே அவர் அதைப் பார்த்துவிடுவார். அப்புறம் ‘ஒழுங்காகக் கட்டி வருகிறேன்’ என்ற வரியைப் படித்தால் கடிதத்தில் இருக்கிற மற்ற எதையும் அவர் நம்ப மாட்டார்.

பணத்தை எதற்கும் செலவு செய்யலாம் என்பதும் வங்கிக்கு வங்கி மாறும். பழுதுபார்க்க என்று எழுதி வாங்கினால் எஸ்டிமேட் கேட்பார்கள், இரண்டு தவணையாக விடுவிப்பதும் உண்டு, வேலை முடிந்த பிறகு வந்து பார்ப்பதும் உண்டு. வண்டி வாங்கிய கதையை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

முதலில் கடன் கணக்கின் ஸ்டேட்மென்டை ஆரம்ப நாளிலிருந்து வாங்குங்கள். நினைவிலிருந்து எழுதக் கூடாது. எந்தெந்தத் தேதியில் பவுன்ஸ், எந்தத் தேதியில் கட்டினீர்கள், இப்போது பாக்கி எவ்வளவு என்று இங்கே போடுங்கள், பார்க்கலாம்.

முத்துச்சிப்பி

வாங்கிவிட்டேன் சார். 2025 டிசம்பர் 31 வரைக்குமான கணக்கு.

தவணை நாள் மாதம் 5-ஆம் தேதி. 2022 ஜூனில் பவுன்ஸ், 17-ஆம் தேதி கட்டியிருக்கிறோம். 2023 ஜூனில் பவுன்ஸ், 21-ஆம் தேதி கட்டினோம். 2024 மே மாதம் பவுன்ஸ், 9-ஆம் தேதி கட்டினோம். அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. 2024 தடைக்காலம் முடிந்ததிலிருந்து மார்ச் மாதமே ஒரு தவணைக்கான பணத்தைத் தனியாக எடுத்துத் தவணை பிடிக்கிற சேமிப்புக் கணக்கில் போட்டுவிடுகிறேன், அதைத் தொடுவதில்லை.

ஆனால் எனக்கு இப்போது வேறு பயம் வந்துவிட்டது. இதுவரை 66 தவணை கட்டியிருக்கிறோம், கூட்டினால் 6,62,442 ரூபாய். பாக்கி 11,08,150 காட்டுகிறது. ஆறு வருஷத்தில் 91,850 ரூபாய்தான் குறைந்திருக்கிறதா? ராத்திரி தூக்கமே வரவில்லை. தப்பாகப் போட்டுவிட்டார்களா? இன்னும் 203 மாதம் பாக்கி என்றும் இருக்கிறது. 20 வருஷத்தில் 6 போனால் 14 வருஷம்தானே, 168 மாதம்தானே வர வேண்டும்?

வாடைக்காற்று

கண்டிப்பாக ஏமாற்றுதான். உடனே புகார் கொடுங்கள்.

பழைய கிளையாள்

தம்பி, அவசரப்படாதீர்கள். அம்மா, நீங்கள் கொடுத்த எண்களை வைத்து உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன், கணக்கு ஏறக்குறையச் சரியாகத்தான் வருகிறது. நடந்தது இரண்டு விஷயம்.

2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ரிசர்வ் வங்கி அனுமதித்த அந்த ஆறு மாதச் சலுகையில் தவணை நின்றது, வட்டி நிற்கவில்லை. சுமார் 44,000 ரூபாய் அசலோடு சேர்ந்துவிட்டது. 12 லட்சம் வாங்கியவர்களுக்கு அந்த செப்டம்பரில் 12.4 லட்சம் பாக்கி. அதுதான் ஆரம்பம்.

அடுத்தது, 2022 மே மாதத்துக்கும் 2023 பிப்ரவரிக்கும் நடுவில் ரெப்போ 4 சதவீதத்திலிருந்து 6.5-க்கு ஏறியது. உங்கள் வட்டி 6.85-லிருந்து 9.35 ஆகியிருக்கும். தவணைத் தொகை ஏறியதா? ஏறவில்லை, அதே 10,037. அப்படியென்றால் காலம் நீண்டிருக்கிறது. 2023 மார்ச்சில் நீங்கள் கட்டிய 10,037-ல் ஏறக்குறைய 9,000 வட்டிக்கே போயிற்று, அசலுக்கு ஆயிரம்தான். அப்படி இரண்டு வருஷம். இப்போது வட்டி 8.1-க்கு இறங்கியிருப்பதால் மாதம் 2,500-க்கு மேல் அசலில் கழிகிறது. இனிமேல் வேகமாகக் குறையும்.

2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. வட்டி மாறும்போது தவணையை ஏற்றலாமா, காலத்தை நீட்டலாமா என்று கடன்காரரைக் கேட்க வேண்டும் என்று. உங்களுக்கு அந்தக் கடிதமோ குறுஞ்செய்தியோ வந்ததா என்று தேடிப் பாருங்கள். வரவில்லை என்றால் கேட்கலாம், அது தனி விஷயம். டாப்-அப் மனுவில் அதைக் கலக்காதீர்கள்.

இந்த 91,850-ஐயும் கடிதத்தில் நீங்களே எழுதிவிடுங்கள். புதிதாக வந்த அதிகாரி ஸ்டேட்மென்டைப் பார்த்து ‘ஆறு வருஷத்தில் அசல் இறங்கவே இல்லையே, இவர்கள் சரியாகக் கட்டவில்லையோ’ என்று நினைக்கக்கூடும். காரணத்தை ஒரு வரியில் சொன்னால் அந்தச் சந்தேகமே எழாது.

முத்துச்சிப்பி

சார், இதைப் படித்த பிறகுதான் மூச்சு வந்தது. வீட்டுக்காரரிடமும் படித்துக் காட்டினேன். ஆறு மாதம் கட்டாததைச் சிபிலில் பாக்கி என்று போட்டிருப்பார்களா?

பழைய கிளையாள்

போட்டிருக்கக் கூடாது. அந்தச் சலுகை மாதங்களை நிலுவையாகக் கணக்கிடக் கூடாது என்பதுதான் விதி. ஆனால் சில அறிக்கைகளில் தப்பாக ஏறியதைப் பார்த்திருக்கிறேன். வருஷத்துக்கு ஒரு தடவை முழு அறிக்கை இலவசம், இன்றே எடுங்கள். மாதம் மாதமாக ஒரு கட்டம் இருக்கும், அதில் 000 என்றால் நிலுவை நாள் இல்லை என்று அர்த்தம். 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரைக்கான கட்டங்களில் 030, 060 என்று ஏதாவது இருந்தால் உடனே திருத்தம் கேளுங்கள். 30 நாளுக்குள் சரிசெய்ய வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்று இப்போது விதி இருக்கிறது.

மூன்று பவுன்ஸும் அதே மாதத்துக்குள் கட்டப்பட்டவை. அப்போதெல்லாம் மாதக் கடைசி நிலவரம்தான் போகும், அதனால் அந்த மாதங்களிலும் 000 இருக்கத்தான் வாய்ப்பு. இப்போது 15 நாளுக்கு ஒரு தடவை அனுப்புகிறார்கள். 2025 ஜனவரியிலிருந்து இந்த முறை. 5-ஆம் தேதித் தவணையை 17-ஆம் தேதி கட்டினால் இனிமேல் அது தெரிந்துவிடும். நீங்கள் மார்ச்சிலேயே எடுத்து வைப்பது நல்ல பழக்கம்.

சாந்துக்கரண்டி (மண்டபம்)

நான் கட்டட வேலை எடுத்துச் செய்கிறவன், டிப்ளமோ சிவில். அக்கா, கடிதத்தை சார் பார்த்துக்கொள்வார், நான் எஸ்டிமேட் பற்றிச் சொல்கிறேன், அதில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள்.

மேஸ்திரி எழுதிக் கொடுத்த 4,10,000-ல் என்னென்ன இருக்கிறது? ‘பூச்சு வேலை’ என்று மொத்தமாக இருந்தால் அதை வங்கியில் கொடுக்காதீர்கள். நம் பக்கம் கம்பி துருவேறுவது பூச்சுக் கோளாறு இல்லை. உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் தொட்டுவிட்டது. துருப்பிடித்த கம்பி பருத்து, கான்கிரீட்டை உள்ளேயிருந்து தள்ளுகிறது. மேலே சாந்து பூசினால் அடுத்த ஐப்பசி மழை வரை நிற்கும், அப்புறம் இதைவிடப் பெரிய கட்டியாக விழும். சுத்தியலால் மேல்தளத்தைத் தட்டிப் பாருங்கள். கணீர் என்றால் நல்லது, பொத் பொத் என்று கேட்கிற இடமெல்லாம் உள்ளே விட்டுப்போயிருக்கிறது. அதைச் சாக்பீஸால் கோடு போட்டு அளந்தால்தான் உண்மையான சதுர அடி தெரியும்.

வேலை என்றால், கம்பிக்குப் பின்பக்கம் விரல் போகிற வரைக்கும் கொத்த வேண்டும், துருவைக் கம்பி பிரஷ்ஷால் முழுக்கத் தேய்க்க வேண்டும், கம்பி மெலிந்திருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி கட்ட வேண்டும், துரு தடுக்கும் பூச்சு அடிக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் பாலிமர் கலந்த சாந்து. மொட்டைமாடியில் தண்ணீர் இறங்குவதை நிறுத்தாமல் கீழே செய்வது வீண். கலவைக்குக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், லாரித் தண்ணீர் வாங்குங்கள். அந்தச் செலவையும் எஸ்டிமேட்டில் போடுங்கள். பதிவு பெற்ற பொறியாளர் கையெழுத்தோடு இனம் இனமாக இருந்தால் வங்கி மதிப்பீட்டாளருக்கும் வேலை சுலபம்.

கீழைக்கரையான்

தம்பி, கடற்கரையிலிருந்து இத்தனை மீட்டருக்குள் இருந்தால் தனி அனுமதி வேண்டும் என்கிறார்களே, அது பழுது வேலைக்கும் உண்டா?

சாந்துக்கரண்டி

அனுமதியோடு இருக்கிற வீட்டை இருந்த அளவுக்குள் பழுதுபார்க்கத் தடை இல்லை அண்ணே. அறை சேர்த்தால், மாடி எடுத்தால்தான் அந்தப் பேச்சு வரும். அக்கா வீடு எந்த வகைக்குள் வருகிறது என்பதைப் பஞ்சாயத்தில் ஒரு தடவை கேட்டுவிடுவது நல்லது.

வாடைக்காற்று

சரி, சிபில் விஷயத்தில் நான் தப்பாகச் சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா. ஆனால் ஒன்று கேட்கிறேன். மதிப்பீட்டாளர் வருவதற்கு முன்னால் அந்த இடத்தை மட்டும் பூசி வெள்ளை அடித்துவிட்டால் வீட்டு மதிப்பு கூடுமே?

பழைய கிளையாள்

வேண்டாம். பழுதுபார்க்கப் பணம் கேட்டுவிட்டுப் பழுதை மறைத்தால் எதற்குப் பணம் என்று கேட்பார்கள். மதிப்பு குறைவாக வருமா என்பது உண்மையான கேள்விதான். அம்மா வீடு 22 லட்சம் என்று மதிப்பிட்டால், பாக்கியும் டாப்-அப்பும் சேர்ந்து 14,58,150, அதாவது மூன்றில் இரண்டு பங்கு. 18 லட்சம் என்று எழுதினால் 81 சதவீதம். 30 லட்சத்துக்குக் கீழான வீட்டுக் கடனுக்கு 90 வரை ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது, ஆனால் டாப்-அப் என்று வரும்போது பல வங்கிகள் அதற்குக் கீழேயே நிறுத்திக்கொள்ளும். அப்படி ஆனால் 3,50,000 என்பது 2,50,000 ஆகலாம். எந்த வேலையை முதலில் செய்வது என்று இப்போதே யோசித்து வையுங்கள்.

முத்துச்சிப்பி

கடிதத்தில் கட்டிய விவரப் பகுதியை எழுதிப் பார்த்தேன். பார்த்துச் சொல்லுங்கள்.

‘2025 டிசம்பர் 31 வரை 72 மாதங்கள் ஆகியுள்ளன. 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஆறு மாதம் ரிசர்வ் வங்கி அறிவித்த தவணைச் சலுகையைப் பயன்படுத்திக்கொண்டோம். மீதி 66 தவணைகளும் முழுமையாகக் கட்டப்பட்டுள்ளன, மொத்தம் ரூ. 6,62,442. இவற்றில் 63 தவணைகள் உரிய நாளில் சென்றன. மூன்று தவணைகள் தாமதமாயின: 2022 ஜூன் 12 நாள், 2023 ஜூன் 16 நாள், 2024 மே 4 நாள். மூன்றும் மீன்பிடித் தடைக்காலத்தை ஒட்டியவை. என் கணவருக்கு அந்த வேலைக்கான கூலி தடை நீங்கிய பிறகே கிடைக்கும். 2024 ஜூன் முதல் 19 தவணைகளும் உரிய நாளில் சென்றுள்ளன. தடைக்காலத்துக்கான ஒரு தவணைத் தொகையை மார்ச் மாதமே கணக்கில் இருப்பு வைத்துவருகிறோம். பாக்கி ரூ. 11,08,150. சலுகைக் கால வட்டி அசலில் சேர்ந்ததாலும், 2022-23-ல் வட்டி உயர்ந்தபோது தவணை மாறாமல் காலம் நீண்டதாலும் அசல் குறைவாகவே குறைந்துள்ளது.’

பழைய கிளையாள்

அம்மா, இதை அப்படியே அதிகாரி தன் குறிப்பில் எடுத்து எழுதிக்கொள்ளலாம். ஒன்று மட்டும் சேருங்கள். மார்ச்சில் இருப்பு வைத்ததற்கு அந்தச் சேமிப்புக் கணக்கின் 2025 மார்ச் முதல் ஜூன் வரையிலான பக்கத்தை இணையுங்கள். சொன்னதைக் காட்டுகிற காகிதம் அது ஒன்றுதான். கணவரின் வருமான வரிக் கணக்கு இருக்கிறதா?

முத்துச்சிப்பி

மூன்று வருஷமாகப் போடுகிறார் சார். கடைசி வருஷம் 2,80,000. மகளிர் குழுக் கடனுக்கு மாதம் 2,800 கட்டுகிறேன், அதையும் எழுத வேண்டுமா?

பழைய கிளையாள்

எழுதுங்கள், அறிக்கையில் அது வரும். இருவர் வருமானமும் சேர்ந்து மாதம் 42,000 சொச்சம். இப்போதைய தவணை 10,037, குழுக் கடன் 2,800. டாப்-அப் 3,50,000-ஐ 8.75 வட்டியில் 10 வருஷம் என்றால் மாதம் 4,386. கூட்டினால் வருமானத்தில் 41 சதவீதம். நான் இருந்த கிளையாக இருந்தால் இந்த அளவுக்குத் தயங்கியிருக்க மாட்டேன்.

15 வருஷம் என்றால் 3,498-தான் வரும் என்று ஆசை காட்டுவார்கள். மாதம் 888 ரூபாய் குறையும், ஆனால் கடைசியில் ஒரு லட்சத்துக்கு மேல் கூடுதலாகக் கட்டுவீர்கள். 21 வருஷக் கட்டடத்துக்கு 10 போதும் என்பது என் எண்ணம். அப்புறம் வீட்டுப் பத்திரத்தை வங்கியில் ஈடாக வைத்ததைப் பதிவு செய்கிற எம்ஓடியைப் பதிவு அலுவலகத்தில் மறுபடி போட வேண்டும் என்பார்கள், அந்தச் செலவையும் பரிசீலனைக் கட்டணத்தையும் முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சாந்துக்கரண்டி

சார், எனக்கு இதில் உடன்பாடு இல்லை. தடைக்கால வருமானம் இருக்கிற குடும்பத்துக்கு மாதம் 888 பெரிய காசு. 15 வருஷம் போட்டுவிட்டு, ஆடி, ஆவணியில் கையில் வரும்போது கூடுதலாகக் கட்டினால் என்ன? மாறும் வட்டிக் கடனில் முன்கூட்டிக் கட்ட அபராதம் இல்லையே.

பழைய கிளையாள்

அபராதம் இல்லைதான். கையில் வந்ததைக் கட்டுகிறவர்கள் குறைவு, அதுதான் நான் பார்த்தது. அம்மா வீட்டுக் கணக்கு அம்மாவுக்குத்தான் தெரியும்.

முத்துச்சிப்பி

அதை இன்னும் முடிவு செய்யவில்லை, வீட்டுக்காரர் 15 என்கிறார், எனக்கு 10. சிபில் அறிக்கை வந்துவிட்டது. ஐந்து மாதம் 000, ஆனால் 2020 ஆகஸ்ட் கட்டத்தில் மட்டும் 030 என்று இருக்கிறது. நேற்றே திருத்தம் கேட்டுப் பதிவு செய்துவிட்டேன், கிளையிலும் எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். அது சரியாகி வரும் வரை விண்ணப்பத்தை நிறுத்தி வைக்கட்டுமா, இல்லை திருத்தம் கேட்ட நகலை இணைத்து இப்போதே கொடுத்துவிடட்டுமா? தடைக்காலம் தொடங்குவதற்குள் மேல்தளத்தைக் கொத்தி முடிக்க வேண்டும். அடுப்படியில் இப்போது தார்ப்பாய் கட்டித்தான் சமைக்கிறேன்.

பழைய கிளையாள்

இப்போதே கொடுங்கள். அந்த மாதத்தில் சலுகை இருந்தது என்று அவர்கள் ஸ்டேட்மென்டே சொல்கிறது, அந்தப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு நகலோடு சேர்த்து வையுங்கள்.

முத்துச்சிப்பி

சரி சார். வியாழக்கிழமை மதிப்பீட்டாளர் வருகிறார். சாக்பீஸ் கோடுகளை அழிக்காமல் வைத்திருக்கிறேன். அவர் என்ன எழுதுகிறார் என்று வந்து சொல்கிறேன்.